பெற்றோருக்காக நடந்த ஒரு கல்யாணம்: 35 மாத நிகழ்வு ஆய்வு

தன்பாலீர்ப்பு கொண்ட ஓர் ஆணும் தன்பாலீர்ப்பு கொண்ட ஒரு பெண்ணும் வீட்டாரின் நெருக்கடிக்காகப் பேசிவைத்துச் செய்துகொள்ளும் திருமணத்தைப் பால்புதுமையர் வட்டத்தில் 'எம்.ஓ.சி.' என்கிறார்கள். அப்படி நடந்த ஒரு திருமணத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே பதிவு செய்கிறோம். சம்பந்தப்பட்டவர்களின் அடையாளம் தெரியாமலிருக்க ஊர், தொழில், வயது ஆகியவை மாற்றப்பட்டுள்ளன. இருவரும் எங்களிடம் இரண்டு கட்டங்களில் ஆலோசனைக்கு வந்தார்கள். முதல் தடவை திருமணத்துக்கு 2 மாதம் முன்பு. அடுத்தது திருமணமான 15ஆம் மாதத்தில்.

பின்னணி

கணவருக்கு அப்போது வயது 33. கொங்குப் பகுதியைச் சேர்ந்தவர், சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. 5 ஆண்டுகளாக ஓர் ஆணுடன் உறவில் இருந்தார். அவருக்கு ஒரு தங்கை உண்டு. "அண்ணன் இருக்கும்போது தங்கச்சிக்கு எப்படி முடிக்கறது" என்ற பேச்சு வீட்டில் 2 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சம்பந்தத்தையும் அவர் தட்டிக்கழித்தபோது அம்மாவின் உடல்நிலைதான் அவர்மேல் போடப்பட்ட பாரம்.

மனைவிக்கு 29. தென் மாவட்டம், வங்கி வேலை. 4 ஆண்டுகளாகத் தன் துணைவியுடன் சென்னையில் ஒரே வீட்டில் இருந்தார். ஊருக்கு அந்தத் துணைவி 'ரூம்மேட்'. அவர்மேல் இருந்த நெருக்கடி கணவருடையதைவிடக் கடுமையானது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வா என்று அப்பா இரண்டு முறை நேரில் வந்து அழைத்தார். ஊர் போனபோது போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எம்.ஓ.சி. இல்லையென்றால் அவருக்கு எஞ்சியிருந்தது, எதுவும் அறியாத ஓர் ஆணுக்குக் கட்டாயமாக மணமுடித்து வைக்கப்படுவது. அதனால் இருவரும் கையெழுத்திட்டது ஒரே ஒப்பந்தத்தில் என்றாலும் அதற்குள் வந்த காரணங்கள் சமமானவை அல்ல. கணவர் நிம்மதியைத் தேடி வந்தார். மனைவி தப்பிக்க வந்தார். பின்னால் நடந்த பலவற்றுக்கு இந்த வேறுபாடே வேர்.

சம்பந்தம் அமைந்த விதம்

நண்பர்கள் வழியாக அறிமுகம். இருவரும் ஒரே சாதி. தமிழ்நாட்டில் எம்.ஓ.சி. தேடுபவர்களுக்கு இதுதான் முதல் வடிகட்டி. பொருத்தமானவர் என்று தோன்றும் பத்துப் பேரில் ஒன்பது பேர் சாதியிலோ ஜாதகத்திலோ கழிந்துபோவார்கள், ஏனெனில் வீட்டைச் சமாதானப்படுத்தத்தானே இந்தத் திருமணமே. சாதி மறுப்பில் நம்பிக்கை உள்ளவர்களும் இந்த இடத்தில் சாதிக்குள்ளேயே தேட வேண்டியதாகிறது. கணவர் அந்த உறுத்தலை எங்களிடம் வெளிப்படையாகச் சொன்னார்.

காதல் என்று சொன்னால் தோண்டித் துருவுவார்கள் என்பதால் இருவரும் ஒரே திருமணத் தகவல் தளத்தில் தனித்தனியாகப் பதிந்தார்கள். மனைவியின் அண்ணன் பார்க்கும் தேடல் பட்டியலில் கணவரின் விவரம் வரும்படி வயது, சம்பளம், ஊர் எல்லாம் அமைத்துக்கொண்டார்கள். குடும்பங்கள் தாங்களே கண்டுபிடித்த சம்பந்தம் என்று நம்பின. ஜாதகத்தில் பத்துக்கு ஏழு பொருத்தம். பெண் பார்க்கும் நாளில் இருவரும் முதல் முறையாகச் சந்திப்பதுபோல நடந்துகொண்டார்கள்.

ஒப்பந்தத்தில் இருந்ததும் இல்லாததும்

இருவரும் 5 மாதம் பேசி 3 பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். தனித்தனி அறை, வாடகையும் மளிகையும் பாதிப் பாதி, அவரவர் துணை எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இரண்டு ஊருக்கும் சேர்ந்து போவது, ஒருவர் ரகசியத்தை மற்றவர் யாரிடமும் சொல்லக்கூடாது, குழந்தை வேண்டாம். அக்கறையோடு எழுதப்பட்டதுதான்.

படித்துப் பார்த்தபோது எங்களுக்கு உறுத்தியது, அதில் இரண்டு பேர் மட்டுமே இருந்தார்கள் என்பது. துணைகள் இருவரும் அந்தப் பேச்சில் உட்காரவே இல்லை. மனைவியின் துணைவி அதுவரை வாடகையில் பாதி கொடுத்து வாழ்ந்த வீட்டை இழக்கப்போகிறார், ஒப்பந்தத்தில் அவருக்கு இருந்தது 'வந்து போகலாம்' என்ற ஒரு வரி. பெற்றோர் வந்து மாதக்கணக்கில் தங்கினால் என்ன என்று எழுதவில்லை. 'குழந்தை வேண்டாம்' என்று இருந்ததே தவிர, ஏன் இல்லை என்று வீட்டில் கேட்கும்போது யார் என்ன பதில் சொல்வது, அந்தப் பழியை யார் சுமப்பது என்று இல்லை. எப்போது, எப்படிப் பிரிவது என்பதும் இல்லை.

இன்னொன்றையும் சொன்னோம். இப்படி எழுதிவைத்ததை நீதிமன்றத்தில் காட்டி நிறைவேற்ற முடியாது. திருமணத்தின் அடிப்படைக்கே மாறான உடன்படிக்கை, பொது நெறிக்கு முரண் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவின்கீழ் செல்லாமல் போய்விடும். ஒருவர் பகையாளியாக மாறினால் அந்தத் தாளும் வாட்ஸாப் உரையாடலும் மற்றவரை வீட்டாரிடம் காட்டிக்கொடுக்கும் ஆதாரமாகவே பயன்படும். எழுதுவது வீண் என்பதல்ல. எழுதும்போதுதான் எங்கெங்கே பேசாமல் விட்டோம் என்பது தெரிகிறது. ஆனால் அதைச் சட்டப் பாதுகாப்பு என்று நம்பியிருக்கக்கூடாது.

அப்போது எடுத்த முடிவு

ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டோம். கணவரால் முடியும் என்றுதான் தோன்றியது. மனைவி முடியாது என்றார். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த சுஷ்மா வழக்கின் உத்தரவில், தன்பாலீர்ப்பு இணையர் வயதுவந்தவர்களாய் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்வது உறுதியானால், காணவில்லை என்று வீட்டார் கொடுத்த புகாரைக் காவல்துறை மேற்கொண்டு தொல்லை தராமல் முடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. வீட்டைவிட்டு விலகி நின்றால் அந்தப் பாதுகாப்பு உண்டு என்று அவரிடம் விளக்கினோம். அவர் பயந்தது போலீஸுக்கு அல்ல. அப்பாவை நிரந்தரமாக இழந்துவிடுவோம் என்பதே அவர் பயம். அதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

குழந்தை, பிரிவு, பெற்றோர் தங்குவது ஆகிய மூன்றையும் பேசி முடித்துவிட்டுத் தேதி குறியுங்கள் என்றோம். மண்டபம் அதற்குள் பதிவாகியிருந்தது. பெற்றோர் தங்குவதைப் பற்றி மட்டும் 'ஒரு வாரத்துக்குமேல் வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்தார்கள். மற்ற இரண்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டன.

நகை பற்றியும் பேச்சு வந்தது. பெண் வீட்டார் 35 பவுன் போடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். கையிருப்பு 20 பவுன், மீதிக்கு அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினார். இந்தத் திருமணம் எப்படிப்பட்டது என்று தெரிந்த இருவரும் தெரியாத ஒருவரைக் கடனாளியாக்கலாமா என்று கேட்டோம். "நகை வேண்டாம்னு நான் சொன்னா, பையனுக்கு என்ன குறைன்னு அவங்க வீட்டுல விசாரிக்க ஆரம்பிச்சிடுவாங்க" என்றார் கணவர். அவர் சொன்னது பொய்யில்லை. இருந்தும் எங்கள் கருத்தில் இந்தத் திருமணத்தின் மிகப் பெரிய அறப்பிழை இதுதான். உள்ளத்தில் இருப்பதைப் பெற்றோரிடம் மறைப்பது வேறு, உயிருக்குப் பயந்துகூட ஒருவர் அதைச் செய்யலாம். மறைத்துக்கொண்டு அவர்கள் சேமிப்பைச் செலவழிக்கவிடுவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

முதல் 6 மாதங்கள்

இந்தக் காலம் பெரிய சிக்கலின்றி நகர்ந்தது. சாந்தி முகூர்த்தத்து இரவை இருவரும் பேசிக் கழித்தார்கள். சென்னையில் இரண்டு படுக்கையறை வீடு. பெரிய அறை இருவருக்கும் பொதுவானது என்று தோன்றும்படி அலமாரியில் இருவர் துணியும் அடுக்கப்பட்டன. சிறிய அறையில் மனைவி தூங்கினார். அவர் துணைவி வார இறுதிகளில் வந்து தங்கினார். கணவரின் துணைவர் பக்கத்துத் தெருவிலேயே வீடு எடுத்தார். தலை தீபாவளி நல்லபடியாக முடிந்தது. கணவர் அந்த நாட்களைப் பற்றி, பல வருடங்களுக்குப் பிறகு அம்மா போனில் சிரித்துப் பேசினார் என்று சொன்னார்.

சமமின்மை சின்னச் சின்ன இடங்களில் முளைத்தது. தாலியும் மெட்டியும் மனைவியின் உடம்பில் இருந்தன. கணவர் உடம்பில் கல்யாணத்துக்கு ஓர் அடையாளமும் இல்லை. தனியாக இருக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டவரை உறவினர் முன்னால் "என்னங்க" என்று அழைக்க வேண்டியிருந்தது. கணவரின் உறவினர்கள் சென்னைக்கு மருத்துவத்துக்கோ தேர்வுக்கோ வந்தால் இங்கேதான் இறங்கினார்கள். 6 மாதத்தில் அப்படி ஒன்பது முறை. ஒவ்வொரு முறையும் சமையல் மனைவியுடையது, துணைவிக்கு "இந்த வாரம் வராதே" என்று செய்தி அனுப்பும் வேலையும் அவருடையது. செலவைப் பாதியாகப் பிரித்தவர்கள் வேலையைப் பிரித்து எழுதியிருக்கவில்லை.

மாமியார் வந்து தங்கியது

7ஆம் மாதம் மாமியார் இதய மருத்துவரைப் பார்க்க வந்தார். பரிசோதனை முடிந்தபின் "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் 3 மாதம் ஆனது. 'ஒரு வாரத்துக்குமேல் வேண்டாம்' என்ற வரி இருந்தும், நோயாளி அம்மாவிடம் அதைச் சொல்ல மகனால் முடியவில்லை. பெற்றோரைப் பற்றிய வாக்குறுதி எதுவும் அவர்கள் எதிரில் நிற்கும்போது நிலைப்பதில்லை என்பதை வேறு இணையர்களிடமும் பார்த்திருக்கிறோம். அதனால் வரம்பு வைப்பதானால் நாள் கணக்கில் வைக்காமல் இடத்தில் வைப்பது மேல். பெற்றோர் வந்தால் அருகில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுத்துத் தருவது, அதற்கென்று மாதாமாதம் பணம் ஒதுக்குவது என்பதுபோல.

3 மாதமும் இருவரும் ஒரே அறையில், ஒருவர் கட்டிலில் ஒருவர் தரையில் படுத்தார்கள். துணைவி வருவது நின்றது. இரவில் போனில் பேசுவதும் நின்றது, ஏனென்றால் பக்கத்து அறைக்குக் கேட்கும். மாமியார் கொடுமைக்காரர் அல்ல, மருமகள்மேல் பாசமானவர். தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுவார். ஆனால் நாப்கின் வாங்கும் தேதியைக் கவனித்து வைத்திருந்தார். "ஏங்கண்ணு, இந்த மாசமும் தள்ளிப்போகலையா?" என்ற கேள்வி மாதம் ஒருமுறை வந்தது. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலுக்கு அழைத்துச் சென்று நெய்ப் பிரசாதம் வாங்கித் தந்தார். ஒவ்வொரு இரவும் அந்த நெய்யை அவர் கண்ணெதிரே மனைவி சாப்பிட்டார். தன்னிடம் உண்மையான அன்பு காட்டும் ஒருவரைத் தினமும் ஏமாற்றுவது வெறுப்பைத் தாங்குவதைவிடக் கடினமாக இருந்தது என்று பின்னர் எங்களிடம் சொன்னார்.

கருத்தரிப்பு மருத்துவமனை

திருமணமாகி ஒரு வருடம் முடிந்ததும் மாமியார் மீண்டும் வந்து கருத்தரிப்பு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். எம்.ஓ.சி. திருமணங்களில் உடலுக்கே கேடு வரக்கூடிய கட்டம் இது. முன்கூட்டி யாரும் யோசிக்காத கட்டமும் இதுதான்.

35 வயதுக்குட்பட்ட பெண், கருத்தடை இல்லாமல் 12 மாதம் தொடர்ந்து உடலுறவு இருந்தும் கருத்தரிக்கவில்லை என்றால்தான் மருத்துவர் அதைக் குழந்தையின்மை என்று எடுத்துக்கொண்டு சோதனையைத் தொடங்குவார். அதனால் அவர் முதலில் கேட்டது, வாரத்துக்கு எத்தனை முறை என்பது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கணவர் "இரண்டு மூன்று முறை" என்றார். அந்த ஒரு பதில்மேல்தான் மற்றதெல்லாம் கட்டப்பட்டது. கணவருக்கு ஒரு விந்துப் பரிசோதனை, அத்தோடு முடிந்தது. மனைவிக்கு ஹார்மோன் ரத்தப் பரிசோதனைகள், பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன், கருக்குழாயில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. அதுவரை அப்படிப்பட்ட பரிசோதனைக்கு உட்படாத உடம்பு. ஸ்கேனின்போது வலியில் அழுதார். எல்லா முடிவும் சரியாக இருந்ததால் 'காரணம் தெரியாத குழந்தையின்மை' என்று எழுதப்பட்டது. மாதவிடாயின் 2ஆம் நாளிலிருந்து 5 நாள் சாப்பிட லெட்ரோசோல் மாத்திரை தரப்பட்டது. மாமியார் அட்டையில் மீதி மாத்திரையை எண்ணியதால் மனைவி அதை விழுங்கினார். இப்படி இரண்டு மாதம். எந்த நோயும் இல்லாத ஒருவர், ஒரு பொய்க்காக, முட்டையைத் தூண்டும் மருந்தைச் சாப்பிட்டுத் தலைவலியோடு வங்கிக்குப் போய் வந்தார்.

இதைத் தடுத்திருக்க முடியும். மருத்துவரிடம் "தனியாகப் பேச வேண்டும்" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. சொன்னதை மாமியாரிடம் சொல்லக்கூடாது என்பது மருத்துவருக்கான நெறி. தன்பாலீர்ப்பைப் பற்றிச் சொல்ல விருப்பமில்லையென்றால் "எங்களுக்குள் உடலுறவு இல்லை, சிகிச்சை வேண்டாம்" என்ற ஒரே வாக்கியம் போதும். அதோடு, 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப உதவிச் சட்டப்படி, சிகிச்சை பெறுவோர் எழுத்தில் ஒப்புதல் தராமல் மருத்துவமனை அந்தத் தொழில்நுட்பச் சிகிச்சை எதையும் செய்யக்கூடாது. மனைவிக்கு இவை தெரியாது. கணவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

இந்த நேரத்தில்தான் கணவர் மாறினார். விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. முறை பற்றி மருத்துவர் சொன்னதும், "ஒரே ஒரு குழந்தை, அதுக்கப்புறம் யாரும் நம்மை எதுவும் கேட்கமாட்டாங்க" என்று மனைவியிடம் தொடர்ந்து பேசத் தொடங்கினார். அவரும் குழந்தைக்கு ஆசைப்பட்டார், அது பொய்யல்ல. ஆனால் கருவைச் சுமக்க வேண்டியவர் ஏற்கெனவே வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டவர். மனைவி மறுத்தார். ஒரு சண்டையில் "உங்கப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடவா?" என்ற சொல் கணவர் வாயிலிருந்து வந்துவிட்டது. மறுநாள் மன்னிப்புக் கேட்டார். அந்தச் சொல் வந்தபின் வீட்டில் நம்பிக்கை மிஞ்சவில்லை. இருவரிடமும் ஒரே ரகசியம் இருந்ததால் சமம் என்று தோன்றும். வெளியே தெரிந்தால் கணவருக்கு அவமானம். மனைவிக்கு வேலை, ஊர், உடல் பாதுகாப்பு எல்லாமே ஆபத்து.

15ஆம் மாதம்

13ஆம் மாதத்தில் மனைவியின் துணைவி உறவை முறித்துக்கொண்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போனார். மனைவி எங்களிடம் வந்தபோது 9 கிலோ எடை குறைந்திருந்தார். மூன்று மணிக்குமேல் தூக்கம் இல்லை. இருந்து என்ன ஆகப்போகிறது என்ற பேச்சு இருந்தது. அதனால் திருமணத்தைப் பற்றிப் பேசுவதை ஒத்திவைத்து, முதலில் அவர் பாதுகாப்பைப் பார்த்தோம். அதே வாரத்தில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரவில் தனியாக இருக்க வேண்டாம் என்று ஒரு தோழி வீட்டில் 3 வாரம் தங்கினார். 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண் போனில் பதியப்பட்டது. லெட்ரோசோல் நிறுத்தப்பட்டது.

3 வாரத்துக்குப் பிறகு இருவரும் ஒன்றாக வந்தார்கள். குழந்தையைப் பற்றிக் கணவரிடம் நேராகப் பேசினோம். குழந்தை பிறந்தால் சட்டத்தின் கண்ணில் அது இருவருடைய பிள்ளை. பிரிந்தால் 5 வயது வரை பொதுவாகத் தாயிடமே இருக்கும். இருவருடைய துணைகளுக்கும் அந்தக் குழந்தைமேல் எந்த உரிமையும் வராது. தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17இல் சொல்லிவிட்டதால், பின்னாளில் துணையைத் திருமணம் செய்து அதைச் சரிசெய்யலாம் என்பதும் இல்லை. கேள்வியை அடக்குவதற்காக ஒரு பிள்ளையை உலகத்துக்குக் கொண்டுவந்தால், அடுத்த 20 வருடம் பொய் சொல்லும் வேலை அந்தப் பிள்ளைக்கும் வந்துவிடும். கணவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு பிரிந்துவிடலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

நீதிமன்றமும் நகையும்

உடலுறவே நடக்காததால் திருமணம் தானாகச் செல்லாது என்று இருவரும் நம்பியிருந்தார்கள். பலரும் இப்படி நம்புகிறார்கள், தவறு. இந்து திருமணச் சட்டம் 12ஆம் பிரிவின்படி திருமணத்தை ரத்து செய்ய ஆண்மைக் குறைவோ மோசடியோ போன்ற காரணம் வேண்டும். இங்கே இருவருக்கும் எல்லாம் முன்பே தெரியும், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எனவே 13பி பிரிவின்கீழ் பரஸ்பர ஒப்புதல் விவாகரத்து ஒன்றே வழி.

அதற்கு மனுப் போடும் முன் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லையென்றால் அதுவும் பிரிந்து வாழ்வதே என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொல்லியிருக்கிறது. அதன்படி திருமண நாளிலிருந்தே கணக்கிடலாமே என்று கேட்டார்கள். அப்படிச் செய்தால் முதல் நாளிலிருந்தே ஏன் சேர்ந்து வாழவில்லை என்ற கேள்வி எழும், அதற்கான பதில் ஆவணத்தில் ஏறும். ஆகவே 16ஆம் மாதத்தில் மனைவி தனி வீட்டுக்குப் போனார், வாடகை ஒப்பந்தம் அந்தத் தேதிக்குச் சான்றானது. 28ஆம் மாதத்தில் மனு. காரணம் என்று 'ஒத்துப்போகவில்லை' என்பதற்குமேல் எழுதவில்லை, 13பி அதற்குமேல் கேட்பதும் இல்லை. குடும்ப நல நீதிமன்ற ஆலோசகரிடமும் அதையே சொன்னார்கள். 6 மாதக் காத்திருப்பைத் தளர்த்தும்படி கேட்க 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று வழி தந்தாலும் அவசரப்பட்டுக் கேள்விகளை வரவழைக்க வேண்டாம் என்று காத்திருந்தார்கள். 35ஆம் மாதத்தில் தீர்ப்பு வந்தது.

சட்டத்தைவிட நகைதான் இழுத்தது. 35 பவுனில் 12 பவுன் கணவரின் தங்கை கல்யாணத்துக்காக அடகில் இருந்தது. மனைவி அப்போது மறுக்கவில்லை, மறுக்கும் நிலையிலும் இல்லை. அது அவருடைய சீதனம், முழுக்க அவருக்கே சொந்தம். மனுப் போடும் முன் அடகு மீட்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தினோம், ஏனெனில் தீர்ப்புக்குப் பிறகு அவசரம் குறைந்துவிடும். கணவர் 7 மாதச் சம்பளத்திலிருந்து மீட்டுத் தந்தார். ஒவ்வொரு நகையையும் எடை போட்டு, படம் எடுத்து, இருவரும் கையெழுத்திட்ட பட்டியலோடு ஒப்படைத்தார். மண்டபச் செலவும் சங்கத்துக் கடனின் வட்டியும் மனைவியின் அப்பா தலையிலேயே நின்றன.

பிறகு

கணவர் ஊரில் காரணம் 'அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை தங்காது' என்று பரவியது. காரணம் தெரியாத குழந்தையின்மை என்று எழுதிய மருத்துவக் காகிதம் அதற்குத் துணையாக இருந்தது. கணவர் அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தீர்ப்பு வந்த 5ஆம் மாதத்தில் அவருக்கு அடுத்த பெண் தேடத் தொடங்கினார்கள். இந்த முறை எதுவும் அறியாத ஒரு பெண். விவாகரத்துக்குப் பின் நாங்கள் மிகவும் அஞ்சுவது இந்தத் திருப்பத்தைத்தான். கணவர் தன் தங்கையிடம் உண்மையைச் சொன்னார். தங்கை அழுதார், ஆனால் அந்தச் சம்பந்தத்தை நிறுத்தியவர் அவர்தான்.

மனைவி பழைய கிளையிலேயே வேலை செய்கிறார். மனநல மருத்துவர் தந்த மருந்தை 14 மாதம் எடுத்து, மருத்துவர் சொன்னபடி படிப்படியாக நிறுத்தினார். துணைவி திரும்பி வரவில்லை. 'ஒருமுறை கல்யாணம் ஆகி முறிந்த பெண்' என்பதால் வீட்டு நெருக்கடி தணிந்தது, இப்போது தனியே இருக்கவிடுகிறார்கள் என்கிறார். அந்தத் தனிமைக்கு அவர் கொடுத்த விலையைப் பார்த்தால், இதை ஒரு வழியாக யாருக்கும் எங்களால் சொல்ல முடியாது.

இனி வருபவர்களிடம் எதை மாற்றிச் செய்கிறோம்

எம்.ஓ.சி. எல்லாமே இப்படித்தான் முடியும் என்று சொல்ல மாட்டோம். நண்பர்களாக ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்களும் உண்டு. நாங்கள் அறிந்தவரை அவர்களில் பெரும்பாலோர் பெற்றோர் எளிதில் வந்து தங்க முடியாத தொலைவில் இருக்கிறார்கள், இருவரும் சம்பாதிக்கிறார்கள், குழந்தை பற்றிய பதிலைக் கல்யாணத்துக்கு முன்பே முடிவு செய்தவர்கள்.

இப்போது யாராவது தேதி குறிக்கும் முன் வந்தால் நான்கு பேரையும் அழைத்து உட்காரவைக்கிறோம். துணை வர மறுத்தால் அதுவே ஒரு பதில் என்று எடுத்துக்கொள்கிறோம். ஏன் குழந்தை இல்லை என்று வீட்டில் கேட்கும்போது சொல்லும் பதிலை அங்கேயே எழுதச் சொல்கிறோம். அந்தப் பதிலில் குறை யார்மேல் விழுகிறது என்று பார்க்கிறோம். "எனக்குத்தான் பிரச்சினை" என்று தன் அம்மாவிடம் சொல்ல ஆணுக்கு மனம் வருகிறதா என்பதைவிடச் சிறந்த சோதனை எங்களுக்குத் தெரியவில்லை. இந்தக் கணவரிடம் அன்றே அதைக் கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்கும்.

நகை, சீர் எதுவும் பெண் வீட்டுக் கையிருப்பைத் தாண்டக் கூடாது, கடன் வாங்க வைக்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை. நகை பெண்ணின் பெயரில் உள்ள வங்கி லாக்கரில் இருக்க வேண்டும், சாவியும் அவரிடமே.

இன்னொன்று உயில். இந்து வாரிசுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவின்படி, பிள்ளை இல்லாத மணமான பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சம்பாதித்த சொத்து முதலில் கணவருக்குப் போகும். கணவர் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு. பெற்ற அம்மா அப்பா அவர்களுக்கும் பின்னால்தான். துணைவிக்கு எதுவுமே இல்லை. வெள்ளைத் தாளில் எழுதி, எழுதியவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டால் உயில் செல்லும், பதிவு கட்டாயமில்லை. சாட்சியாகக் கையெழுத்திடுபவர் அந்த உயிலால் பயன்பெறுபவராக இருந்தால் பின்னால் சந்தேகம் கிளப்ப இடமாகும், அதனால் துணையைச் சாட்சியாக வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறோம். தாலி கட்டிய வாரத்திலேயே இருவரும் இதை எழுதிவிட வேண்டும்.